காணாமல் போன நான்கு பெருக்கல் குறிகள்

என் கடையில் ஜெராக்ஸ் எடுத்தால் தாளின் வலது ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழும். மெஷின் கண்ணாடியில் கீறல். யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "அது மார்ஜின்ங்க" என்று சொல்லிவிடுவேன். ஆறு வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருத்தர் மட்டும், "மார்ஜின்னா ரெண்டு பக்கமும் இருக்கணுமேம்மா" என்றார். அவர் கணக்கு வாத்தியார்.

கோடு என் தப்பில்லை. ஆனால் வெளிச்சம் என் தப்பு. எந்தத் தாள் வந்தாலும் மெஷினை 'லைட்'டில்தான் வைப்பேன். கறுப்பாக எடுத்தால் டோனர் சீக்கிரம் தீர்ந்துபோகும், டோனர்காரன் வேலூரிலிருந்து வருவதற்குள் நாலு நாள் ஆகும், அந்த நாலு நாளும் எதிர்க்கடைக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதனால் என் கடையில் ஜாதகம் எடுத்தாலும் சரி, பட்டா எடுத்தாலும் சரி, எழுத்து எல்லாம் விரதம் இருந்த மாதிரி மெலிந்துதான் வரும். படிக்க வந்தால் போதும் என்பது என் கொள்கை. அந்தக் கொள்கை என் வீட்டுத் தொட்டில் வரைக்கும் வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

கடை திருவண்ணாமலையில், ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டில். வீடு அடி அண்ணாமலையில். என் பெண்ணுக்கு அப்போது ஒன்றரை வயது. வீட்டுக்காரர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர், பாதி நாள் பெங்களூர் ரோட்டில் இருப்பார். நான் கடைக்கு வந்துவிட்டால் குழந்தையைப் பார்த்துக்கொள்வது என் மாமனார்தான். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பேத்திக்குச் சோறு ஊட்டுவதைக்கூட ட்ரிப் கணக்கில்தான் சொல்வார். "மத்தியானம் ரெண்டு ட்ரிப் அடிச்சிட்டேன்மா, மூணாவது ட்ரிப்புல துப்பிடுச்சி."

ஒரு நாள் அவர் செங்கம் வரைக்கும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். குழந்தைக்கு லேசாக ஜுரம். வேறு வழியில்லாமல் கடைக்குத் தூக்கிவந்து, பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் போர்வை விரித்துப் படுக்க வைத்திருந்தேன். மத்தியானம் தொட்டுப் பார்த்தால் உடம்பு இஸ்திரிப்பெட்டி மாதிரி சுட்டது. மருந்து பாட்டிலை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் கண் மேலே செருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது.

என் குழந்தை செத்துப்போகிறது என்றுதான் நினைத்தேன். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நான் போட்ட சத்தத்தில் தெருவே கடைக்குள் வந்துவிட்டது. நம் ஊரில் காய்ச்சல் வலிப்புக்கு டாக்டர் பஞ்சமே கிடையாது. பக்கத்து டீக்கடை மாஸ்டர் சாவிக்கொத்தோடு ஓடிவந்து, "இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க" என்று குழந்தையின் கையில் திணித்தார். பூக்காரம்மா வெங்காயம் கேட்டார். ஜெராக்ஸ் கடையில் வெங்காயத்துக்கு நான் எங்கே போவேன். யாரோ, "நாக்கைக் கடிச்சிக்கும், ஸ்பூன் வையி" என்றார்கள். டீக்கடை ஸ்பூனை வாங்கி வாயில் வைக்கப் பார்த்தவள் நான்தான். படித்தவள், டிகிரி வாங்கினவள். நல்ல வேளை, பல் கிட்டிப்போயிருந்தது, ஸ்பூன் வழுக்கி என் புடவையில் விழுந்தது. ஆட்டோவில் ஏற்றுவதற்குள் இழுப்பு தானாகவே நின்றுவிட்டது. டீ மாஸ்டர் தன் சாவியால்தான் நின்றது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். தொண்டையில் கிருமி, அதனால் ஜுரம், ஜுரத்தால் வலிப்பு என்றார் டாக்டர். குழந்தைகள் வார்டு சிஸ்டர் எனக்குப் பழக்கம்தான், வார்டு பேப்பர் எல்லாம் என் கடையில்தான் நகல் எடுப்பார். என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாக்கத்தான் பயங்கரமா இருக்கும். மூளைக்கு ஒண்ணும் ஆவாது. காக்கா வலிப்பும் இல்ல இது. அஞ்சு வயசு தாண்டுனா தானா போயிடும். அதுக்குள்ள ஜொரம் வந்தா சில புள்ளைங்களுக்குத் திரும்பி வரும், சிலதுக்கு வராது."

"ஜொர மருந்த விடாம குடுத்துட்டே இருந்தா வராதா சிஸ்டர்?"

"மருந்து குடுத்தா புள்ளைக்கு உடம்பு வலி கம்மியாவும். வலிப்பு வராம தடுக்கும்னு சொல்ல முடியாது. குடுக்கலன்னு உன்னையே நீ திட்டிக்காத. வந்தா என்னா செய்யணும்னு தெரிஞ்சிருந்தா போதும். முக்கியமா, வாயில ஒண்ணுமே வைக்கக் கூடாது. வச்சியா?"

"இல்ல சிஸ்டர்" என்றேன். புடவையில் டீக்கறை.

அவர் அதைப் பார்த்தார். மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். "வீட்ல புள்ளையப் பாத்துக்கறவங்க எல்லாரும் இதைப் படிக்கணும். உனக்குத் தெரிஞ்சா மட்டும் போதாது."

தலைப்பு மட்டும் படித்தேன். 'உங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் வலிப்பு வந்ததா? பயப்பட வேண்டாம்' என்று இருந்தது. அதைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது, மேலே படிக்கவில்லை. அல்வாக் கடைக்காரன் அல்வா தின்ன மாட்டான் என்பார்களே, நகல் எடுக்கிறவளும் அப்படித்தான், தாளைப் பார்த்தால் பையில் மடித்து வைக்கத்தான் கை போகும். வீட்டுக்கு வந்ததும் மாமனாரிடம் கொடுத்தேன்.

"மாமா, இதை நல்லாப் படிச்சிக்கங்க. நான் கடைக்குப் போயிட்டா நீங்கதான்."

"எந்த ஆபீஸ் பேப்பர்?"

"ஆஸ்பத்திரி பேப்பர்."

மாமா எழுந்துபோய்க் கண்ணாடியை எடுத்துவந்தார். அவரிடம் சர்க்கார் பேப்பருக்கு இருக்கிற மரியாதை சாமிப் படத்துக்குக்கூடக் கிடையாது. டிப்போவில் சர்க்குலர் ஒட்டினால் முதலில் படித்துக் கையெழுத்துப் போடுகிற ஆள் அவர்தான் என்று அவரே சொல்வார். நான் நிம்மதியாகக் கடையைத் திறந்தேன்.

ஒரு வாரம் கழித்து, கரண்ட் இல்லாததால் சீக்கிரம் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். குழந்தை மூலையில் உட்கார்ந்து பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தது. நடுக்கூடத்தில் மாமா முட்டி போட்டு இருந்தார். அவருக்கு முன்னால் ஒரு தலையணை. தலையணைக்கு என் பெண்ணின் மஞ்சள் கவுன் மாட்டியிருந்தது. மேலே தொட்டில் கயிற்றிலிருந்து இரண்டு சரடு தொங்கியது, ஒன்றில் எவர்சில்வர் ஸ்பூன், இன்னொன்றில் வீட்டுச் சாவிக்கொத்து.

"என்னா மாமா இது?"

"ட்ரையல் ரன்" என்றார் திரும்பாமல். "மொத்தம் எட்டு ஸ்டேஜ். இப்பதான் ஸ்டார்ட் பண்றேன், டிஸ்டர்ப் பண்ணாத."

நான் நின்று பார்த்தேன். தலையணையை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். வாட்சைப் பார்த்தார். சுற்றியிருந்த சாமானை நகர்த்தினார். கழுத்துப் பட்டனைத் தளர்த்தினார். அடடா, என் மாமனார் மாதிரி உண்டா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, கையை நீட்டிச் சரட்டிலிருந்த ஸ்பூனை இழுத்துத் தலையணையின் வாய் இருக்க வேண்டிய இடத்தில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். பிறகு சாவிக்கொத்தை வைத்தார். பிறகு இரண்டு முழங்கையாலும் தலையணையை நசுக்கிப் பிடித்தார். கடைசியாகச் சொம்புத் தண்ணீரை ஊற்றினார். கவுன் தொப்பலாக நனைந்தது.

"எட்டு ஸ்டேஜும் ரெண்டரை நிமிஷத்துல முடிச்சிட்டேன்" என்றார் மூச்சு வாங்க. "நேத்து மூணே கால்."

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் மாமனார் என்ற மரியாதை போய்விடும். "உங்களுக்குப் புத்தி இருக்கா மாமா, வாயில ஒண்ணும் வைக்கக் கூடாதுன்னு சிஸ்டர் தலைபாடா அடிச்சிக்கினாங்க, புள்ளைக்குப் பல்லு போயிடும், ஸ்பூன் உள்ள போனா மூச்சு அடைச்சிடும், தண்ணி ஊத்துனா புரை ஏறும்" என்று பத்து நிமிஷம் கத்தினேன். குழந்தை பிஸ்கெட்டை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

மாமா அசரவில்லை. எழுந்தார், அலமாரியில் ஒட்டியிருந்த தாளைப் பிய்க்காமல் விரலால் காட்டினார்.

"நான் என்னா சொந்தமாவா செய்யறேன்? ரூல்ல போட்டிருக்கு. பாரு. படம் ஒண்ணு, ஒருக்களிச்சிப் படுக்க வை. படம் ரெண்டு, டைம் பாரு. படம் அஞ்சு, ஸ்பூன். படம் ஆறு, இரும்பு. எனக்கே ஸ்பூனு சரியாப் படல. ஆனா சர்க்காரு பேப்பரு."

பார்த்தேன். மேலே நாலு படம், கீழே நாலு படம். கீழே முதல் படத்தில் ஒரு கை, ஒரு ஸ்பூன், ஒரு குழந்தையின் வாய். அடியில் 'வாயில் ஸ்பூன் வைத்தல்' என்று அழகாக அச்சடித்திருந்தது. அடுத்து 'கையில் இரும்பு கொடுத்தல்'. 'கை கால்களை அழுத்திப் பிடித்தல்'. 'தண்ணீர், மருந்து ஊற்றுதல்'. இரண்டு வரிசைக்கும் நடுவில் பட்டையாக ஒரு வெற்றிடம், அவ்வளவுதான்.

சிஸ்டரைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். இப்படியா ஒரு பேப்பர் அடிப்பார்கள், கண் இருக்கிறதா அவர்களுக்கு, எவள் எடுத்த நகல் இது? அப்போதுதான் தாளின் வலது ஓரம் கண்ணில் பட்டது. மயிரிழை மாதிரி ஒரு கோடு.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். மாமா, "என்னாம்மா ஆச்சி?" என்றார். "ஒண்ணுமில்ல, மார்ஜின்" என்றேன்.

மறுநாள் காலையில் கடையைக்கூடத் திறக்காமல் வார்டுக்குப் போய் நின்றேன். சிஸ்டர் ஃபைலிலிருந்து மூலத் தாளை எடுத்தார். கலர்த் தாள். நடுப்பட்டை வெளிர் ரோஜா நிறம், அதில் வெள்ளை எழுத்தில் 'இவற்றைச் செய்யவே கூடாது'. கீழே உள்ள நாலு படத்தின் மேலும், படம் மறையக் கூடாதே என்று, வெளிர் ரோஜா நிறத்தில் பெரிய பெருக்கல் குறி. நாலு குறி. என் மெஷின் 'லைட்'டில் நாலையும் நக்கிச் சாப்பிட்டுவிட்டு, எழுத்தையும் விழுங்கிவிட்டுப் பட்டையை வெள்ளையாகத் துப்பியிருக்கிறது.

"இது நான் எடுத்தது சிஸ்டர்" என்றேன். "டோனர் தீந்துடும்னு லைட்டா வச்சிட்டேன்."

சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நானும் ஒரு வாட்டி பாத்திருக்கணும். வாயால சொல்லிட்டே தாளை நீட்டறேன், தாளைப் பாக்கறதேயில்ல. எத்தினி குடுத்திருக்கேன்னு பாக்கறேன் இரு." ரெஜிஸ்டரை எடுத்தார். அந்த நகலை வாங்கிப்போன வீடு எல்லாவற்றுக்கும் அவரே போன் போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு போனுக்கும் ஒரு தெய்வத்தைக் கும்பிட்டேன்.

ஒரு அம்மா, "ஸ்பூன் படத்தப் பாத்துட்டு என் வீட்டுக்காரரு மர ஸ்பூனே வாங்கிட்டாரு சிஸ்டர், இனிமே என்னா பண்றது?" என்றார். "குழம்பு கிண்டுங்க" என்றார் சிஸ்டர். ஒருவர் தாளை ஃபிரேம் போட்டுவிட்டாராம். இன்னொரு அப்பா மட்டும் ரொம்ப நேரம் தயங்கினார். "தப்பா நினைச்சிக்காதீங்க மேடம், நாங்க படிக்கவேயில்ல. பால் சட்டி மேல மூடி வச்சிருக்கோம்." அந்த மகராசனை நேரில் பார்த்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். யார் வீட்டிலும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. கடைசிப் போனை வைத்ததும் சிஸ்டர் ரெஜிஸ்டரை மூடினார், நான் மூலத் தாளை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

கடைக்கு வந்து மூலத் தாளில் நாலு படத்தின் மேலும் தடித்த கறுப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டேன். நடுவில் 'செய்யவே கூடாது' என்று என் கையாலேயே எழுதினேன். மெஷினை 'டார்க்'கில் வைத்தேன். ஆறு வருஷத்தில் அந்தப் பட்டனை அமுக்கினது அதுதான் முதல் தடவை, அது வேலை செய்யும் என்றே எனக்குத் தெரியாது. தாள் தார் ரோடு மாதிரி வந்தது.

மாமாவிடம் புதுத் தாளை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது நீ கையால எழுதினது. சீல் எங்க?"

"மாமா, தப்பு என் மேலதான். நான் லைட்டா எடுத்துட்டேன்."

"ஒரு சர்க்குலர மாத்தணும்னா இன்னொரு சர்க்குலர் வரணும். டிப்போல அப்படித்தான்."

அடிக்கிற கையை அடக்கிக்கொண்டு மறுபடியும் வார்டுக்குப் போய், சிஸ்டரிடம் சொல்லி வார்டு சீல் குத்தி வாங்கிவந்தேன். சீலைப் பார்த்ததும் மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். அடியில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டார். ஸ்பூன் சரட்டை அவிழ்த்தார். சாவிச் சரட்டை அவிழ்க்கும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது.

"இரும்பு கூடவா கூடாது? எங்கம்மா எனக்குக் குடுத்து நின்னுச்சிம்மா."

"அது தானா நிக்கறதுதான் மாமா. சாவி குடுத்தாலும் நிக்கும், குடுக்கலன்னாலும் நிக்கும். கையில குத்திக்கும், அவ்ளோதான்."

"சரி" என்றார். சாவிக்கொத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் தினம் நாலு ஸ்டேஜ் ட்ரையல் ரன். ஒருக்களித்துப் படுக்க வை. வாட்சைப் பார். சுற்றி இருப்பதை நகர்த்து. கழுத்துப் பட்டனைத் தளர்த்து. பழைய ட்ரிப் ஷீட் நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டு, ஆரம்பம், முடிவு என்று எழுதி வைத்தார். "அஞ்சு நிமிஷம் தாண்டுனா 108" என்று என்னிடமே பாடம் நடத்தினார். தாள் அடித்தவளிடம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பௌர்ணமி. வீட்டுக்காரர் சவாரிக்குப் போயிருந்தார். வீட்டு வாசலில் காலையிலேயே கிரிவலக் கூட்டம் நடக்க ஆரம்பித்திருந்தது. குழந்தைக்கு முந்தின நாளிலிருந்து சளி. ஜுரம் ஏறிக்கொண்டே இருக்கிறது என்று மருந்து கொடுத்துவிட்டு மடியில் வைத்திருந்தேன். மடியிலேயே வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

எல்லாம் தெரிந்தவள் என்ன செய்தேன் தெரியுமா. அதன் தாடையைப் பிடித்து விரலை வாய்க்குள் விடப் போனேன். நாலு கறுப்புக் குறியும் என் கையாலேயே போட்டது, ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. குழந்தையின் உதடு நீலமாகத் தெரிந்தது. அது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"கைய எடும்மா" என்றார் மாமா.

சத்தம் போடவில்லை. பஸ்ஸில் ஃபுட்போர்டில் நிற்கிறவனை உள்ளே வரச் சொல்கிற குரல். குழந்தையை வாங்கிப் பாயில் ஒருக்களித்துக் கிடத்தினார். சொம்பைக் காலால் தள்ளினார். வாட்சைத் திருப்பினார்.

"பத்து பதினாலு. போன கையில வச்சிக்க. அழுத்திப் பிடிக்காத, சும்மா பக்கத்துல உக்காரு."

"மாமா, போயிடுச்சி மாமா, பாருங்க மாமா..."

"போகல. ஒரு நிமிஷம் ஆச்சி."

வாழ்க்கையில் அத்தனை நீளமான நிமிஷத்தை நான் பார்த்ததில்லை. மாமா இடது மணிக்கட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வலது கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, குழந்தையையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தபடி குந்தியிருந்தார். "ஒன்றரை" என்றார். "ஒண்ணே முக்கால்" என்றார். வெட்டு குறைந்தது. கால் ஒரு உதை உதைத்து நின்றது. வாயோரம் எச்சில் வழிந்தது, ஒருக்களித்திருந்ததால் அது தானாகவே பாயில் இறங்கியது. பெருமூச்சு ஒன்று வந்தது. உதட்டில் நிறம் திரும்பியது.

"பத்து பதினாறு. வந்து சேந்துட்டா" என்றார் மாமா.

குழந்தை அசந்து தூங்க ஆரம்பித்தது. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, நன்றாக முழிக்கட்டும் என்று தாளில் இருந்தது. ஆட்டோக்காரர் நடக்கிற ஜனத்துக்கு நடுவில் ஹாரன் அடித்து அடித்து ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டார். பாதி வழியில் என் பெண் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து முறைத்து, வீல் என்று அழுதது. அந்த அழுகையைக் கேட்டு நான் சிரித்தேன், கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

டாக்டர் பார்த்துவிட்டு, முன்னே மாதிரிதான், பயமில்லை என்றார். "எவ்ளோ நேரம் இருந்துச்சி?" என்று சிஸ்டர் கேட்டார். பெற்றவர்கள் எல்லோரும் அரை மணி நேரம் என்றுதான் சொல்வார்களாம். மாமா ட்ரிப் ஷீட் நோட்டை இடது கையால் நீட்டினார். சிஸ்டர் வாங்கினவர், நோட்டைப் பார்க்காமல் மாமாவின் மூடியிருந்த வலது கையைப் பார்த்தார்.

"பெரியவரே, கையில என்னா?"

மாமா விரலைப் பாதி திறந்தார், உள்ளங்கையில் ரத்தம் கட்டியிருந்தது. நடுவில் வரிசையாகப் பல் பல்லாகப் பதிந்த தடம். அப்போதுதான் பார்த்தேன், அந்தக் கைக்குள் வீட்டுச் சாவிக்கொத்து இன்னும் இருந்தது. அந்த இரண்டு நிமிஷமும் முதுகுக்குப் பின்னால் அதைத்தான் நசுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இரும்பு குடுக்கக் கூடாதுன்னு தாள்ல இருக்கே" என்றார் சிஸ்டர்.

"புள்ளைக்குக் குடுக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு" என்றார் மாமா. "இது எனக்கு."

சிஸ்டர் பஞ்சும் மருந்தும் எடுக்கப் போனார். நான் மாமாவின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.